நைட் ட்யூட்டி செய்தியை ஹேண்ட்ஓவர் நோட்ஸாக எழுதுவது எப்படி? ஓர் எண்கூட மாறாமல், ஒரு கேள்விக்குறிகூட தொலையாமல்

சென்னையில் ஒரு மருத்துவமனை வார்டில் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு முதல் மாதத்திலேயே இந்த வேலை வந்துவிடும். நைட் ட்யூட்டி சிஸ்டர் வார்டு குரூப்பில் எட்டு வரியில் தட்டிவிட்ட செய்தியை ஹேண்ட்ஓவர் ரெஜிஸ்டரில் தெளிவாக, வரிசையாக எழுத வேண்டும். இதை உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் புதியவர்கள் எல்லோரும் ஒரே தவறில் விழுகிறார்கள்: புரியாத இடத்தைத் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிவிடுகிறார்கள். நோட்ஸ் படிக்க அழகாக இருக்கும். இரவில் நோயாளிக்கு நடந்தது அதுவாக இருக்காது.

ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். நோயாளி கற்பனை. சுருக்கெழுத்து மட்டும் வார்டுகளில் தினமும் ஓடுவதுதான்.

```
B12 58M POD2 DU perf closure, k/c/o DM
NPO cont. RT 200 bilious, DT 80 serosang
10.30 T 100.4 PCM 1g iv, 12 T 99
UO 350 ↓ inf dr
Tramadol sos x1 2am
6am BP 100/60 PR 104 CBG 248 HAI 6u sc
RL 100/h, NS 1 pint over
abd soft?? K 3.2, pls f/up surg rds KCl
```

குடல் புண் ஓட்டையாகி அறுவை சிகிச்சை செய்துகொண்ட, சர்க்கரை நோய் உள்ள 58 வயது ஆண். நோட்ஸை உங்கள் மருத்துவமனை வழக்கப்படி இங்கிலீஷில்தான் எழுதுவீர்கள். இங்கே புரிவதற்காகத் தமிழில் காட்டியிருக்கிறோம்.

## 1. எழுத உட்காரும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

கேஸ் ஷீட், மருந்து அட்டை, டி.பி.ஆர். சார்ட், இன்டேக் அவுட்புட் சார்ட், கடைசி லேப் ரிப்போர்ட். இந்த ஐந்தும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஆறாவதாக, உங்கள் மருத்துவமனை ஒப்புக்கொண்ட சுருக்கச் சொற்களின் பட்டியல் ஒரு பிரதி வேண்டும். நர்ஸிங் ஆபீஸிலோ குவாலிட்டி பிரிவிலோ கேட்டால் கிடைக்கும். ஜெராக்ஸ் எடுத்து ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குக் கைக்காசு செலவு என்றால் அந்த ஜெராக்ஸுக்கு ஆகும் சில ரூபாய்தான்.

உண்மையான செலவு நேரம். பழக்கமில்லாதவருக்கு ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆறு நோயாளி என்றால் ஒரு மணி நேரம். எட்டு மணிக்கு ட்யூட்டி மாறுகிறது என்றால் அத்தனை நேரம் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஏழேகாலுக்கு வந்து, ஆறு செய்திகளிலும் உள்ள கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். அனுப்பிய சிஸ்டர் வார்டில் இருக்கும்போதே கேட்டு முடியுங்கள். சுத்தமாக எழுதுவதைப் படுக்கையருகே ஹேண்ட்ஓவர் முடிந்த பிறகும் செய்யலாம், சர்ஜன் ரவுண்ட்ஸுக்கு முன் முடிந்தால் போதும். அந்த சிஸ்டர் பஸ் ஏறிவிட்ட பிறகு போன் செய்தால் பதில் அரைகுறையாகத்தான் வரும். பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

## 2. மூலச் செய்தியை முதலில் அப்படியே பிரதி எடுங்கள்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் அனுப்பியவர் திருத்த முடியும். அனுப்பிய ஐந்தாம் நிமிடத்தில் நீங்கள் பார்த்து எழுத ஆரம்பித்து, பத்தாம் நிமிடத்தில் அவர் ஓர் எண்ணைச் சரிசெய்தால், உங்கள் நோட்ஸில் பழைய எண்ணே இருக்கும். எனவே செய்தி வந்து கால் மணி கழித்து எடுங்கள். அல்லது எழுதி முடித்ததும் மறுபடி ஒருமுறை ஒப்பிடுங்கள். செய்தி வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குரூப்பில் தானாக மறையும் செய்தி என்று அமைத்திருந்தால், 24 மணி நேரத்திலேயே மூலம் போய்விடக்கூடும். அதையும் பார்த்துவையுங்கள்.

பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள்.

பிறகு அதிலுள்ள எண்களை எண்ணுங்கள். நம் செய்தியில், பி.பி.யை இரண்டு எண்ணாகக் கொண்டால், மொத்தம் 22. இந்த 22-ஐ ஓரமாக எழுதிவையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

## 3. ஒவ்வொரு துண்டையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்

செய்தியை ஒரு தகவலுக்கு ஒரு வரியாக உடைத்து, ஒவ்வொரு வரியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். விரித்து எழுதலாமா? சார்ட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டுமா? அனுப்பியவரிடமே கேட்க வேண்டுமா?

விரிக்கலாம் என்பது பட்டியலில் ஒரே பொருளோடு உள்ளவற்றுக்கு மட்டும். `NPO` வாய்வழி எதுவும் கூடாது, `PCM` பாராசிட்டமால், `CBG` விரல்நுனி சர்க்கரை. இதிலும் வார்டைப் பொறுத்துப் பொருள் மாறும். இங்கே `RT` ரைல்ஸ் டியூப். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வேலை மாறி வந்தவருக்கு அதே `RT` கதிர்வீச்சு சிகிச்சை. பொது வார்டில் `OD` ஒரு நாளைக்கு ஒருமுறை, கண் வார்டில் வலது கண். `B12` இங்கே பெட் எண். அதை மருந்து அட்டைக்கு அருகில் தனியாக எழுதினால் வைட்டமின் ஊசி என்று படித்துவிடுவார்கள். `HAI 6u` என்பதில் `u` என்ற எழுத்தை நோட்ஸில் வைத்துக்கொள்ளவே கூடாது. கையால் எழுதும்போது அது பூஜ்யம் போல விழும், 6 என்பது 60 ஆகிவிடும். "ஹியூமன் ஆக்ட்ராபிட் 6 யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள். அதேபோல 1 கிராமை 1.0 என்று எழுதாதீர்கள். புள்ளி மங்கினால் 10 ஆகும்.

சார்ட் பார்க்க வேண்டும் என்ற வகைதான் அதிகம். `Tramadol sos x1 2am` என்பதில் அளவு இல்லை. 50 மில்லிகிராம்தான் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் அதை நோட்ஸில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. மருந்து அட்டையில் இருந்தால் எழுதுங்கள், அட்டையிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்து.

இன்னும் ஆபத்தானது, மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் வினைச்சொல் இல்லாமல் இருப்பது. `HAI 6u sc` என்பது கொடுத்ததா, கொடுக்க வேண்டியதா? இரவுச் செய்தி என்பதால் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று நாம் நினைப்போம். இன்னொருவர் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று படித்து, வெறும் வயிற்றில் இருக்கும் நோயாளிக்கு மறுபடி 6 யூனிட் போட்டால் சர்க்கரை இறங்கிப்போகும். மருந்து அட்டையில் நேரமும் கையெழுத்தும் இருந்தால் மட்டுமே "கொடுக்கப்பட்டது" என்ற சொல்லை எழுதுங்கள். `PCM 1g iv` என்பதற்கும் இதே விதி.

`NS 1 pint over` நம் ஊர் வார்டு பாஷை. இங்கே பைன்ட் என்றால் 500 மி.லி. பாட்டில். வெளிநாட்டு அளவுப்படி அது வேறு எண். `over` என்றால் நமக்கு "முடிந்தது". ஆனால் மருத்துவ ஆர்டரில் அதே சொல் "இத்தனை மணி நேரத்தில் ஏற்று" என்பதற்கும் வரும். மணிக்கணக்கு விட்டுப்போன ஆர்டரா, முடிந்த பாட்டிலா என்பதை இன்டேக் அவுட்புட் சார்ட் சொல்லும்.

`POD2`-வில் பலர் கவனிக்காத சிக்கல் இருக்கிறது. அறுவை நடந்த நாளை 0 என்று எண்ணுவது பரவலான வழக்கம். ஆனால் நைட் ட்யூட்டியின் நடுவில் தேதி மாறுகிறது. சாயங்காலம் இருந்த எண்ணையே காலையிலும் எழுதிவிடுவது சகஜம். செய்தியில் உள்ள 2-ஐ நீங்கள் திருத்த வேண்டாம். பக்கத்தில் அறுவை நடந்த தேதியைக் கேஸ் ஷீட் பார்த்து எழுதினால், படிப்பவர் தானே எண்ணிக்கொள்வார்.

நேரமும் அப்படித்தான். 24 மணி முறையில் மாற்றி எழுதுவது நல்லது. ஆனால் ஷிஃப்ட்டுக்குள் ஒரே ஒரு பொருள்தான் பொருந்தும் என்றால் மட்டும் மாற்றுங்கள். இரவு எட்டு முதல் காலை எட்டு வரையான ட்யூட்டியில் `10.30` என்பது 22.30 மட்டும்தான். `12` என்பது 00.00 மட்டும்தான், அங்கே தேதியும் மாறும். வெறும் `8` என்று இருந்தால் இரண்டு எட்டு இருக்கிறது, சார்ட் பார்க்காமல் மாற்றக் கூடாது.

அனுப்பியவரையே கேட்க வேண்டியவை இந்தச் செய்தியில் மூன்று. `UO 350 ↓ inf dr`: எந்த டாக்டரிடம், எப்போது சொன்னார், அவர் என்ன சொன்னார்? `abd soft??`: இந்த இரண்டு கேள்விக்குறிக்கு என்ன பொருள்? `pls f/up surg rds KCl`: கே.சி.எல். ஆர்டர் ஆகியிருக்கிறதா, கொடுத்தாயிற்றா, கேட்க வேண்டுமா?

மூன்றாவதுதான் இந்த எட்டு வரியிலேயே பெரிய அபாயம். பொட்டாசியம் 3.2 என்று பக்கத்திலேயே இருப்பதால், "கே.சி.எல். கொடுக்கவும்" என்று எழுதக் கை தானாகப் போகும். கே.சி.எல். ஆம்பியூலை நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். நீர்த்து ஏற்றும்போதும் அளவும் வேகமும் டாக்டர் எழுதிய ஆர்டர்படிதான். இந்த நோயாளிக்கோ சிறுநீர் குறைவு என்றும் எழுதியிருக்கிறது. சிறுநீர் சரியாகப் போகாதவரிடம் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கும். அதனால் சர்ஜன் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை, ஒரு வினைச்சொல்லைச் சேர்த்து நீங்கள் ஆர்டராக்கிவிடக் கூடாது.

## 4. கேட்கும் விதம்

பதிலை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். "அக்கா, கே.சி.எல். போடணும்தானே?" என்றால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. எல்லா வாய்ப்பையும் எதிரில் வையுங்கள்:

"அக்கா, பெட் பன்னெண்டு. கே.சி.எல். போட்டாச்சா, ஆர்டர் மட்டும் ஆகியிருக்கா, இல்ல ரவுண்ட்ஸ்ல கேக்கணுமா?"

"இன்னும் எழுதலம்மா. அஞ்சு மணி சாம்பிள்ல 3.2 வந்துச்சு. யூரின் கம்மின்னும் சேத்து ஆறேகாலுக்கு ட்யூட்டி டாக்டர்கிட்ட சொன்னேன். சர்ஜன் வந்ததும் கேட்டுக்கலாம்னார். புது ஆர்டர் எதுவும் இல்ல."

"வயிறு சாஃப்ட்டுன்னு போட்டு ரெண்டு கேள்விக்குறி இருக்கே அக்கா?"

"வலிக்குதுன்னு கைய தள்ளிட்டார்மா. அழுத்திப் பாக்கவே விடல."

இரண்டு கேள்விக்குறியை அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிட்டு "வயிறு சாஃப்ட்" என்று எழுதியிருந்தால், வயிற்றில் அறுவை நடந்தவருக்கு வயிறு சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதாகிவிடும். "வயிறு இறுக்கம்" என்று எழுதியிருந்தால் அதுவும் தவறு. உண்மை என்னவென்றால் யாரும் பார்க்கவே முடியவில்லை. அனுப்பியவரின் சந்தேகமும் ஒரு மருத்துவத் தகவல். அது நோட்ஸில் சந்தேகமாகவே இருக்க வேண்டும்.

பதிலைக் கேட்டதும் அவரிடமே திரும்பப் படித்துக் காட்டுங்கள். கேட்ட நேரத்தைக் குறியுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் அந்த வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, "பொருள் உறுதி செய்யப்படவில்லை" என்று சேர்த்து, வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். காலியிடத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

## 5. வரிசைப்படுத்துவது

பல மருத்துவமனைகளில் யார், என்ன நிலை, பின்னணி, மதிப்பீடு, செய்ய வேண்டியது என்ற ஐந்து கட்டப் படிவம் இருக்கும். படிவம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மேலே ஒரு வரி இடம் இருந்தால் மட்டும், செய்யக் கூடாததையும் தீராததையும் அங்கே வையுங்கள். காலை ஏழரைக்கே நோயாளியின் வீட்டார் ஃப்ளாஸ்க்கில் காபியோடு வந்துவிடுவார்கள். வாய்வழி எதுவும் கூடாது என்பது ஏழாவது வரியில் இருந்தால் அதற்குள் காபி உள்ளே போயிருக்கும்.

இரவு நடந்தவற்றை மணி வரிசையில் வையுங்கள். செய்தியில் இல்லாத எதைச் சேர்த்தாலும், எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நம் நோயாளிக்கு இப்படி வரும்:

பெட் 12. பெயர், யு.எச்.ஐ.டி.: கேஸ் ஷீட் பார்த்து இரண்டும் எழுதவும்.

கவனம்: வாய்வழி எதுவும் கூடாது, தொடர்கிறது. பொட்டாசியம் 3.2 (லேப்: 14-ஆம் தேதி, 05.00 சாம்பிள்). சர்ஜன் ரவுண்ட்ஸில் கே.சி.எல். பற்றிக் கேட்க வேண்டும். ஆர்டர் இல்லை, கொடுக்கப்படவில்லை (அனுப்பியவர், 07.20). வயிறு "சாஃப்ட்??": வலியால் தொட விடவில்லை, பரிசோதிக்க முடியவில்லை (அனுப்பியவர், 07.20).

யார், ஏன்: 58 வயது ஆண். டியோடினல் அல்சர் பெர்ஃபரேஷன் குளோஷர். செய்தியில் பி.ஓ.டி. 2. அறுவை 12-ஆம் தேதி (கேஸ் ஷீட்).

பின்னணி: சர்க்கரை நோய் உள்ளவர். ஒவ்வாமை: செய்தியில் குறிப்பு இல்லை. கேஸ் ஷீட்டில் "தெரிந்த ஒவ்வாமை ஏதுமில்லை".

இரவு, 13-ஆம் தேதி: 22.30 உடல் வெப்பம் 100.4. பாராசிட்டமால் 1 கிராம் ஐ.வி. கொடுக்கப்பட்டது (மருந்து அட்டையில் நேரமும் கையெழுத்தும் உள்ளன).

14-ஆம் தேதி: 00.00 உடல் வெப்பம் 99. 02.00 டிரமடால், தேவைக்கேற்ப என்ற ஆர்டரில், 1 முறை (மருந்து அட்டை: 50 மி.கி. ஐ.வி.). 06.00 பி.பி. 100/60, பல்ஸ் 104, சி.பி.ஜி. 248. ஹியூமன் ஆக்ட்ராபிட் 6 யூனிட் தோலடியில் கொடுக்கப்பட்டது (மருந்து அட்டையில் 06.05 கையெழுத்து).

குழாய்கள், திரவம்: ரைல்ஸ் டியூப் 200, பித்தம் கலந்தது. டிரெயின் 80, சீரோசாங்குனஸ். சிறுநீர் 350, "குறைவு" (ஐ.ஓ. சார்ட்: 20.00 முதல் 06.00 வரை, மி.லி.). ட்யூட்டி டாக்டரிடம் 06.15-க்குச் சொல்லப்பட்டது, புதிய ஆர்டர் இல்லை (அனுப்பியவர், 07.20). ஆர்.எல். மணிக்கு 100. என்.எஸ். 1 பைன்ட் முடிந்தது (ஐ.ஓ. சார்ட்: 500 மி.லி.).

இதில் எழுதாமல் விட்டவற்றையும் கவனியுங்கள். 100.4-ஐக் "காய்ச்சல்" என்று பெயர் மாற்றவில்லை. பாராசிட்டமாலால் வெப்பம் இறங்கியது என்று எழுதவில்லை. செய்தியில் இரண்டு எண்களும் இரண்டு நேரங்களும் இருக்கின்றன, காரணம் இல்லை. 350-ஐ மணிக்கணக்கில் வகுத்து அதற்கு ஒரு நோய்ப்பெயர் சூட்டவில்லை. பி.பி.யையும் பல்ஸையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்த்து உங்களுக்குக் கவலை வந்தால், அது வர வேண்டிய கவலைதான். உடனே போய் நோயாளியைப் பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், அதை உங்கள் பெயரில், உங்கள் நேரத்தில் தனிப் பதிவாக எழுதுங்கள். இரவு சிஸ்டரின் வாயில் வைக்காதீர்கள்.

ஒவ்வாமை வரியில் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். செய்தியில் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக "ஒவ்வாமை: இல்லை" என்று எழுதினால், ஒவ்வாமையே கிடையாது என்று ஆகிவிடும். தமிழில் "இல்லை" இரண்டுக்கும் பொருந்துவதால் பேசும்போதுகூட இது நடக்கும். "குறிப்பு இல்லை" என்பதையும் "ஒவ்வாமை இல்லை" என்பதையும் எப்போதும் வேறுபடுத்தியே எழுதுங்கள், சொல்லுங்கள்.

## 6. சரிபார்ப்பு, கையெழுத்து

இப்போது அந்த 22-ஐ எடுங்கள். மூலத்தில் ஓர் எண்ணை அடித்து, நோட்ஸில் அதே எண்ணை அடித்துக்கொண்டே வாருங்கள். 22-ம் முடிய வேண்டும். உருவம் மாறியவை நான்கு நேரங்கள் மட்டும்: 22.30, 00.00, 02.00, 06.00. அவற்றை இரண்டாவது முறை பாருங்கள். நோட்ஸில் மிச்சம் நிற்கும் ஒவ்வொரு எண்ணுக்கும், அதாவது 50, 500, தேதிகள், சார்ட் நேரங்கள் எல்லாவற்றுக்கும், பக்கத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத எண் ஒன்று இருந்தால் அது உங்கள் ஞாபகத்திலிருந்து வந்தது. அடித்துவிடுங்கள்.

எண்கள் முடிந்ததும் குறிகளைப் பாருங்கள்: `??`, `↓`, `sos`, `cont.` இவை நான்கும் தமிழிலோ இங்கிலீஷிலோ சொல்லாக மாறி உள்ளே இருக்கின்றனவா? காணாமல் போவது பெரும்பாலும் இவைதான்.

தவறைத் திருத்த வொயிட்னர் வைக்காதீர்கள். ஒரே கோடு அடித்து, பழையது படிக்கும்படி விட்டு, தேதி, நேரம், கையெழுத்து போடுங்கள். நோட்ஸின் கீழே அனுப்பியவர் பெயர், செய்தி வந்த நேரம், எழுதியவர் பெயர், எழுதிய நேரம் நான்கும் வேண்டும்.

பெட் எண்ணை மட்டும் வைத்து நோயாளியை அடையாளம் காட்டாதீர்கள். ராத்திரியில் பெட் மாற்றுவது உண்டு. பெயரும் யு.எச்.ஐ.டி.யும் ரெஜிஸ்டரில் கட்டாயம். அதே இரண்டையும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதக் கூடாது, எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அங்கே போடவும் கூடாது.

கடைசியாக, எந்த மருந்தையும் இந்த நோட்ஸைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். மருந்து அட்டையையும் டாக்டர் ஆர்டரையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நோட்ஸுக்கும் அட்டைக்கும் முரண் தெரிந்தால் கையை நிறுத்திவிட்டு, ஆர்டர் எழுதிய டாக்டரிடம் கேளுங்கள்.